தக்காளி கிலோ 241 ரூபாயா? நியூஜெர்சிக் கடையில் ஒரு பாட்டியின் சாம்பார்க் கணக்கு

மதுரையிலிருந்து மகள் வீட்டுக்கு, நியூஜெர்சியின் எடிசனுக்கு வந்த பாட்டி, கடைக்குள் நுழைந்ததும் முதலில் நின்ற இடம் தக்காளித் தட்டு. ரோமா தக்காளிக்கு மேலே 1.29 என்று எழுதியிருந்தது. "நூத்தி பத்து ரூபா. மழைக் காலத்துல நம்ம ஊர்லயே அப்படி வித்திருக்கு, பரவாயில்லடி" என்றார். மகள் சிரித்தாள். "அம்மா, அது கிலோ விலை இல்ல, பவுண்டு விலை."

அமெரிக்காவுக்கு வரும் பெரியவர்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு பவுண்டு என்பது 454 கிராம்; அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பவுண்டு விலையைக் கிலோ விலையாக்க கால்குலேட்டர் வேண்டாம். இரண்டால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் போதும். 1.29-ஐ இரட்டித்தால் 2.58. அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 26 சென்ட், சேர்த்தால் 2.84 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் கிலோ 241 ரூபாய். ஊரில் அந்த வாரம் உழவர் சந்தையில் 40 ரூபாய்க்கு வாங்கிய பாட்டி, எடுத்த தக்காளியை அப்படியே திரும்ப வைத்துவிட்டார்.

ரூபாய்க்கு மாற்றியே எல்லாவற்றையும் பார்த்தால் அங்கே ஒன்றும் வாங்க முடியாது. மகளின் சம்பளம் டாலரில் வருகிறது, செலவும் டாலரில் போகிறது. நடுவில் ரூபாய்க்கு வேலையே இல்லை. விலை உண்மையில் எவ்வளவு கனமானது என்று பார்க்க வேண்டுமானால், அதை வாங்க எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்று கேட்பது சரியான அளவுகோல். நியூஜெர்சியில் 2025-க்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.49 டாலர். கிலோ தக்காளிக்கு அங்கே அடிமட்டக் கூலிக்காரர் உழைக்க வேண்டியது 11 நிமிடம். தமிழ்நாட்டில் 2025-26-இல் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42 ரூபாய். கிலோ 40 ரூபாய்த் தக்காளிக்கு அங்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேர உழைப்பு. இந்தக் கணக்கை மகள் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் பாட்டி தக்காளியை மறுபடி கையில் எடுத்தார். வரி, வீட்டு வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் போன பிறகு கையில் நிற்பது வேறு விஷயம் என்பதால் இந்த அளவுகோலும் முழுமையானதல்ல. ஆனால் காய்கறிக் கடையில் நிற்கும்போது 85-ஆல் பெருக்குவதைவிட இது நேர்மையானது.

விலைச் சீட்டைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அலமாரி விளிம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிதாக இருப்பது பொட்டலத்தின் விலை. ஓரமாகச் சின்ன எழுத்தில் இருப்பது யூனிட் பிரைஸ், அதாவது ஒரு பவுண்டுக்கோ ஓர் அவுன்ஸுக்கோ என்ன விலை என்பது. நியூஜெர்சியில் இதைக் காட்டச் சட்டமே இருக்கிறது. ஒப்பிட வேண்டியது அந்தச் சின்ன எண்ணைத்தான். பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகளில் ஒன்று பவுண்டுக் கணக்கிலும் இன்னொன்று அவுன்ஸ் கணக்கிலும் இருக்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். திராட்சை அளவில் குட்டித் தக்காளி, 10 அவுன்ஸ் டப்பா, 2.99 டாலர். சீட்டில் அவுன்ஸுக்கு 29.9 சென்ட் என்று சாதுவாக இருக்கும். பவுண்டுக்கு 16 அவுன்ஸ். பெருக்கினால் பவுண்டு 4.78. பக்கத்தில் கிடக்கும் ரோமாவைப்போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

சில காய்கள் எடைக்கு இல்லாமல் எண்ணிக்கைக்கு வரும். குடைமிளகாய், வெள்ளரி, எலுமிச்சை, கொத்தமல்லிக் கட்டு எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். எடைக்கு விற்கும் காயில் பெரிது சிறிது பார்த்துப் பயனில்லை. நல்லதா என்று பார்த்தால் போதும். எண்ணிக்கைக்கு விற்கும் காயில் கையில் கனமாக இருப்பதை எடுப்பதுதான் லாபம். பாட்டிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எலுமிச்சைக் குவியலில் கைவிட்டு, தோல் மெலிந்து கனமாக இருந்த நான்கைப் பொறுக்கி எடுத்தார். கொத்தமல்லியில்தான் ஏமாறப் பார்த்தார். பக்கத்திலேயே தட்டை இலை பார்ஸ்லி அதே பச்சையில், அதே கட்டில் இருக்கும். கொத்தமல்லி இலையின் விளிம்பு வட்டமாக, மெல்லியதாக இருக்கும். பார்ஸ்லி இலை கூராக, சற்றுத் தடிப்பாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஓர் இலையை விரலால் தேய்த்து முகர்ந்தால் தெரிந்துவிடும்.

வெண்டைக்காயில் ஒரு சின்னச் சங்கடம். பாட்டி பழக்கத்தில் ஒன்றை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார். ஒடிந்தது, பிஞ்சு. "அம்மா, இங்க ஒடிக்கக் கூடாது" என்று மகள் கிசுகிசுத்தாள். "ஒடிக்காம எப்படிடி வாங்குறது?" என்றார் பாட்டி சத்தமாக. ஒடித்து வைத்த காயை அடுத்தவர் எடுக்கமாட்டார், கடைக்காரர் தூக்கித்தான் போட வேண்டும். அதனால் இந்தியக் கடைகளிலேயே இதைச் செய்தால் முகம் சுளிப்பார்கள். நுனியை ஒடிக்காமல் லேசாக வளைத்துப் பார்க்கலாம். ரப்பர்போல வளைந்து கொடுத்தால் முற்றல், விறைப்பாக எதிர்த்தால் பிஞ்சு. நீளம் விரல் அளவுக்குள் இருப்பதும், காம்பு வெட்டிய இடம் கறுக்காமல் இருப்பதும் கூடுதல் அடையாளம்.

விலையை விடவும் சமையலில் அதிகம் தொல்லை கொடுப்பது காயின் குணம். சில நாள் கழித்துப் பாட்டி வைத்த ரசம் சப்பென்று இருந்தது. இரண்டு தக்காளி, நெல்லிக்காய் அளவு புளி, ஊரில் போடும் அதே அளவுதான். ரோமா சதைப்பற்றுக்காக வளர்க்கப்படும் ரகம். சாறும் விதைக் கூழும் குறைவு, அதனால் நாட்டுத் தக்காளியின் புளிப்பை அதில் எதிர்பார்க்க முடியாது. அதோடு, தூரத்திலிருந்து வரும் தக்காளியைப் பெரும்பாலும் பச்சையாகவே பறித்து, எத்திலீன் வாயு கொடுத்துச் சிவக்க வைப்பார்கள். நிறம் வந்துவிடும், ருசி அந்த அளவுக்கு வராது. மகள் வீட்டில் இன்னொன்றும் நடந்திருந்தது. வாங்கி வந்ததும் தக்காளியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்கள். 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தக்காளி நாள்கணக்கில் இருந்தால் அதன் மணம் மங்கும், சதை மாவாகும். ஃபிரிட்ஜின் உள்ளே நான்கு டிகிரி.

சரிசெய்ய மூன்று வழி. கெட்டியான தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி சமையல் மேடையில் மூன்று நான்கு நாள் வைத்தால் பழுத்து இளகும். நன்றாகப் பழுத்த பிறகு வேண்டுமானால் ஃபிரிட்ஜுக்குப் போகலாம். அவசரம் என்றால் புளியை ஒன்றரை மடங்காக்கலாம். மூன்றாவது வழியைப் பாட்டி முதலில் ஏற்கவில்லை: டின் தக்காளி. "டப்பாவுல அடைச்சதுல ரசமா?" என்று ஒதுக்கினார். ஆனால் டின்னுக்குப் போகும் தக்காளி செடியிலேயே பழுத்தபின் பறிப்பது, பறித்த சில மணி நேரத்தில் ஆலையில் அடைப்பது. பெரும்பாலான டின்களில் சிட்ரிக் அமிலமும் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள், அந்தப் புளிப்பு ரசத்துக்கு ஒத்துப்போகும். 28 அவுன்ஸ் டின் என்பது 794 கிராம், அந்தக் கடையில் 1.69 டாலர், கிலோவுக்கு 2.13. பச்சைத் தக்காளிக்காய்போல இருக்கும் குளிர்காலத் தக்காளியைவிட மலிவும் ருசியும். உப்புச் சேர்க்காததா என்று டின்னின் பின்னால் பார்த்து வாங்க வேண்டும். உப்புச் சேர்த்தது என்றால் ரசத்துக்கு உப்பைக் கடைசியில் போட வேண்டும். ஒரு டின்னை ஒரே நாளில் தீர்க்க முடியாது. திறந்ததை டின்னிலேயே வைக்காமல் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றினால் ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும். இரண்டாவது ரசத்தைப் பாட்டி அதில்தான் வைத்தார், டின்னைப் பற்றிப் பேத்தியிடம் சொல்ல வேண்டாம் என்று மகளைக் கேட்டுக்கொண்டு.

வெங்காயத்திலும் இதே கதை. கடையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஸ்வீட் ஆனியன் என்று நான்கு குவியல்கள். ஒவ்வொரு காயும் 200 கிராமுக்கு மேல். குறிப்பில் "இரண்டு வெங்காயம்" என்று இருந்தால் அது நம் ஊர் அளவு; இங்கே முக்கால் காய் போதும். வதக்கவும் குழம்புக்கும் மஞ்சள் வெங்காயம் சரி, காரம் உண்டு, நாள்படத் தாங்கும். ஸ்வீட் ஆனியனைத் தாளிப்புக்கு எடுக்கக் கூடாது. அதில் காரம் தரும் கந்தகச் சேர்மம் குறைவு, நீர் அதிகம். எண்ணெயில் போட்டால் சிவக்காமல் தண்ணீர் விட்டு அவிந்துவிடும். பச்சடிக்கு மட்டும் அது ஏற்றது.

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் இல்லாமல் முடியாது என்றார் பாட்டி. இந்தியக் கடையில் இருந்தது, பவுண்டு 2.99. கிலோவுக்கு 6.58 டாலர், ரூபாயில் 559. இந்த முறை அவர் மாற்றிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அமெரிக்கக் கடையில் கிடைக்கும் வெள்ளை முத்து வெங்காயம் பார்க்கச் சின்ன வெங்காயம்போல இருக்கும். ருசி அப்படி இருக்காது, இனிப்பும் நீரும்தான். ஷாலட் என்று விற்பது ருசியில் நெருங்கி வரும், ஆனால் அதன் விலையும் குறைவில்லை. கடைசியில் பாட்டி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். தாளிப்பில் வதக்கிக் குழம்பின் மணத்தைத் தர ஏழெட்டுச் சின்ன வெங்காயம், காயாகச் சாப்பிட நீளவாக்கில் அரிந்த மஞ்சள் வெங்காயம். ஒரு பவுண்டு சின்ன வெங்காயம் இந்த வழியில் ஐந்தாறு சாம்பாருக்கு வந்தது.

பெரிய வெங்காயத்தை மூட்டையாக வாங்குவது மலிவு. இந்தியக் கடையில் 10 பவுண்டு வலைப்பை 5.99 டாலர், அமெரிக்கக் கடையில் உதிரியாகப் பவுண்டு 1.29 என்பதில் பாதிக்கும் குறைவு. ஆனால் பையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. நடுவில் ஒன்று அழுகியிருந்தால் வலையில் ஈரக்கறை தெரியும், மூக்குக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்துக் காற்றோட்டமான கூடையில் கொட்ட வேண்டும், உருளைக்கிழங்கின் பக்கத்தில் வைக்காமல். சேர்த்து வைத்தால் இரண்டும் சீக்கிரம் முளைத்துக் கெடும்.

முருங்கைக்காய் பாட்டியைக் கடையிலேயே உட்கார வைத்துவிட்டது. பவுண்டு 3.99, ஒரு காய் சுமார் 90 கிராம், ஒரு காய் 67 ரூபாய். பக்கத்து வீட்டு மரத்தில் கேட்காமலே பறித்துத் தருவதற்கு இந்த விலையா என்று கடைப் பெண்ணிடம் தமிழிலேயே கேட்டார். அந்தப் பெண் குஜராத்திக்காரர். புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். புதிதாக வரும் முருங்கைக்காயில் பணமும் போகும், காயும் சில சமயம் நார்தான். நுனியும் அடியும் வெட்டிப் போட்டால் எடையில் இன்னும் குறையும். உறைய வைத்த துண்டுகள் 12 அவுன்ஸ் பாக்கெட், அதாவது 340 கிராம், 2.49 டாலர், பவுண்டுக்கு 3.32, கழிவே இல்லை. பாக்கெட்டைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். துண்டுகள் தனித்தனியாக நகர்ந்தால் நல்லது. ஒரே பாளமாக இறுகியிருந்தால், உள்ளே பெரிய பனிப் படிகங்கள் தெரிந்தால், எங்கோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அது வெந்ததும் குழைந்து சக்கையாகும். வீட்டில் அதை உருக வைத்துக் காத்திருக்க வேண்டாம். புளித்தண்ணீர் கொதித்ததும் உறைந்தபடியே போடலாம். புதுக் காயைவிடச் சீக்கிரம் வேகும் என்பதால் பருப்பைச் சேர்க்கும் நேரத்தை முன்னே கொண்டுவர வேண்டும்.

கறிவேப்பிலையில்தான் கணக்கு தலைகீழாகும். ஊரில் காய்கறி வாங்கினால் கொசுறாகக் கிடைப்பது, இங்கே ஒரு சின்ன உறையில் 1.49. உறையில் இருந்தது நாலைந்து ஈர்க்கு. "பெட்டியில ஒரு கட்டு வச்சு எடுத்துட்டு வந்திருப்பேனே" என்று பாட்டி நொந்துகொண்டார். கொண்டு வந்திருந்தால் விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போயிருக்கும். எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் ஒரு சின்னப் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும். ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அந்த நோய் சின்னாபின்னமாக்கியது. அதனால் வெளிநாட்டிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுவர அனுமதியில்லை. படிவத்திலோ அதிகாரி கேட்கும்போதோ சொல்லாமல் மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டால் அபராதமும் உண்டு. ஊரிலிருந்து கிளம்பும் எல்லாப் பாட்டிகளும் ஒருமுறையாவது யோசிக்கும் காரியம் இது, அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாங்கும் உறையைத் தீர்ப்பதற்குள் இலை கறுக்கும் என்ற குறைக்கு வழி, இலைகளை உருவிக் கழுவி, துணியில் ஒட்ட ஈரம் போக உலர்த்தி, மூடிபோட்ட டப்பாவில் ஃபிரீசரில் வைப்பது. ஈரம் இருந்தால் கட்டியாக உறைந்துவிடும். எண்ணெயில் நேரடியாகப் போடலாம், ஆனால் வெடிக்கும், தள்ளி நிற்க வேண்டும்.

துவரம்பருப்பை அதே கடையில் 4 பவுண்டு பையாக வாங்கினார்கள், 7.99. கிலோவுக்கு 4.40 டாலர் ஆகிறது. ஒரே பிராண்டில் இரண்டு வகை இருக்கும். எண்ணெய் தடவியது பளபளவென்றிருக்கும், பூச்சி வராமல் இருக்க ஆமணக்கெண்ணெய் தடவியது அது. சாம்பாருக்கு எண்ணெய் தடவாததே நல்லது. தெரியாமல் மற்றதை வாங்கிவிட்டால் வெந்நீரில் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினால் போகும்.

தள்ளுபடி பற்றிப் பேரம் பேசவே வழியில்லாத ஊரில் பாட்டி கற்றுக்கொண்டது இரண்டு விஷயம். "பத்துக்குப் பத்து டாலர்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பத்தும் வாங்க வேண்டியதில்லை. ஒன்று எடுத்தாலும் ஒரு டாலர்தான். கட்டாயம் இத்தனை வாங்க வேண்டும் என்று இருந்தால் சீட்டில் தனியாக எழுதியிருப்பார்கள். இரண்டாவது, சீட்டில் மெம்பர் விலை என்று இருந்தால் அந்தக் கடையின் கார்டையோ தொலைபேசி எண்ணையோ கல்லாவில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பில்லில் முழு விலைதான் வரும்.

தானே ஸ்கேன் செய்யும் கல்லாவில் உதிரிக் காய்க்கு எண் அடிக்க வேண்டும். பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் அது இருக்கும். சாதா வாழைப்பழத்துக்கு 4011. ஆர்கானிக் என்றால் முன்னால் 9 சேர்ந்து 94011. ரோமா தக்காளிக்கு 4087. பழத்துக்கு ஸ்டிக்கர் விழுந்துபோய் திரையில் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், ஆர்கானிக் விலையில் போட்டுக்கொள்வது எளிதாக நடக்கும். பாட்டி எண்ணைப் படித்துச் சொல்ல, பேத்தி அடித்தாள். ரோமாவுக்கு 4087 அடித்ததும் திரையில் பவுண்டு 1.29 வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கவிட்டார்.

பில்லில் காய்கறிக்கு வரி இல்லை. சமைக்காத உணவுப்பொருளுக்கு நியூஜெர்சியில் விற்பனை வரி கிடையாது. குளிர்பானத்துக்கும் மிட்டாய்க்கும் உண்டு. பை கேட்டால் கிடைக்காது. 2022 மே மாதத்திலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, பெரிய மளிகைக் கடைகளில் காகிதப் பையும் தரமாட்டார்கள். காரிலேயே பையை மறந்துவிட்டு வந்த மகள், 99 சென்டுக்குப் புதுப் பை ஒன்றை எடுக்கப் போனபோது, பாட்டி சேலை முந்தானைக்கு அடியிலிருந்து ஊர்க் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பையை எடுத்து நீட்டினார். 10 பவுண்டு வெங்காயத்தை அதில் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. அதை வலைப்பையோடே தூக்கிக்கொண்டார்கள்.